கிரைண்டருக்கு மதிப்பெண் போடும் முன்

டேபிள் டாப் கிரைண்டர் ஒன்றைப் பற்றி மதிப்புரை எழுதும் வேலை கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு லிட்டர் கொள்ளளவு, 150 வாட் மோட்டார், ஏறக்குறைய ஒரே விலை. கடையில் இருக்கும் பாதி மாடல்கள் இந்த விவரத்துக்குள் அடங்கிவிடும். பெட்டியில் அச்சடித்திருப்பதைத் திருப்பி எழுதினால் எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரியும். வேறுபாடு மாவு அரைத்து, மாவை வழித்து, டிரம்மைக் கழுவும்போதுதான் வெளியே வரும்.

முதலில் செய்ய வேண்டியது பெட்டியைப் பிரிப்பதல்ல. எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று தாளில் எழுதித் தேதி போட்டு வைப்பதுதான். அரைத்துப் பார்த்த பிறகு பங்கு பிரிக்க உட்கார்ந்தால், மனத்துக்குப் பிடித்த இயந்திரம் எதில் நன்றாக இருந்ததோ அதற்கே கூடுதல் பங்கு போகும். நம்மை அறியாமலேயே இது நடக்கும்.

என் பங்கீடு இது: மாவின் தரத்துக்கு 40, வழிப்பதற்கும் கழுவுவதற்கும் 25, தூக்கி இறக்குவதற்கு 15, சத்தத்துக்கு 15, நேரத்துக்கும் மின்சாரத்துக்கும் சேர்த்து 5. கடைசி எண் ஏன் இவ்வளவு சின்னது என்று சிலர் கேட்பார்கள். 150 வாட் மோட்டார் அரை மணி நேரம் ஓடினால் செலவாவது 0.075 யூனிட். வாரம் இருமுறை அரைத்தாலும் ஆண்டு முழுக்க எட்டு யூனிட்டைத் தாண்டாது. மின்சாரத்தை அளப்பது எளிது, எண்ணும் அழகாக வரும். அதற்காகவே அதற்குப் பெரிய இடம் கொடுத்துவிடும் மதிப்புரைகள் உண்டு. வாங்குகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இனி மாவு. புதுக் கல்லில் முதலில் கொஞ்சம் மண்ணும் தூளும் வரும். பழைய அரிசியைப் போட்டு ஓட்டிக் கொட்டிவிட்டு, நீர் தெளிவாக வரும்வரை கழுவ வேண்டும். அந்தச் சுற்று கணக்கில் சேராது. பிறகு சோதனை முழுவதற்கும் தேவையான உளுந்தை ஒரே மூட்டையிலிருந்து மொத்தமாக வாங்கி வையுங்கள். பழைய உளுந்து பொங்காது. ஒரு கிரைண்டருக்குப் புது உளுந்தும் மற்றதற்குப் பழைய உளுந்தும் போனால், நாம் சோதித்தது உளுந்தை, கிரைண்டரை அல்ல. ஊறும் நேரமும் தண்ணீரின் அளவும் எல்லாச் சுற்றிலும் ஒன்றாகவே இருக்கட்டும். நன்றாக அரைக்கத் தெரிந்தவர்கள் மாவின் பதம் பார்த்துத் தண்ணீர் தெளிப்பார்கள். ஆகவே மதிப்பெண்ணுக்கான சுற்றுகளில் அளந்த தண்ணீர், கடைசியில் ஒரு சுற்று மட்டும் கைப்பதம் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் தெரிந்துவிடும்.

உளுந்து மாவு பொங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு துளியைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பது வீட்டு வழக்கம். மாவுக்குள் காற்று ஏறியிருந்தால் அது தண்ணீரைவிட இலேசாகி மிதக்கிறது. இதையே எண்ணாக மாற்றலாம். 200 மில்லி பிடிக்கும் டம்ளரை எடுத்து, தட்டாமல் அமுக்காமல் மாவை நிரப்பி, மேலே கத்தியால் சமமாக வழித்து, டிஜிட்டல் தராசில் வைத்து, டம்ளரின் எடையைக் கழியுங்கள். எடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குக் காற்று அதிகம் ஏறியிருக்கிறது. "மாவு பஞ்சுபோல இருந்தது" என்ற வாக்கியத்தின் இடத்தில் இப்போது ஓர் எண் இருக்கும். அரிசியை விரலில் தேய்த்துப் பார்த்தால் போதும். அதற்கு ரவைப் பதம்தான் வேண்டும், அதில் கருவி எதுவும் கையை மிஞ்சாது. அரைப்பதற்கு முன்னும் பின்னும் சமையல் தெர்மாமீட்டரால் மாவின் சூட்டையும் குறியுங்கள். அதிகம் சூடேறிய மாவு சீக்கிரம் புளிக்கும்.

ஒரே கிரைண்டரில் இதே சோதனையை மூன்று முறையாவது செய்ய வேண்டும். பலரும் தவிர்ப்பது இதைத்தான். மூன்று சுற்றில் டம்ளர் மாவு 172, 180, 176 கிராம் என்று வருகிறது என்று வையுங்கள். இயந்திரமும் மாறவில்லை, உளுந்தும் மாறவில்லை, அப்படியும் எட்டு கிராம் ஆடுகிறது. அடுத்த கிரைண்டர் 173 கிராம் காட்டினால் அது மேல் என்று எழுத முடியாது. ஒரே இயந்திரத்துக்குள் வரும் ஆட்டத்தைவிட இரண்டு இயந்திரங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் தெளிவாகப் பெரிதாக இருந்தால் மட்டுமே மதிப்பெண் வேறுபட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டுக்கும் ஒரே எண்தான்.

டிரம்மிலும் குழவியிலும் ஒட்டிக்கொள்ளும் மாவையும் தராசே சொல்லும். ஊறிய உளுந்தின் எடையோடு ஊற்றிய தண்ணீரைக் கூட்டுங்கள். வழித்தெடுத்த மாவின் எடையை அதில் கழியுங்கள். 1,900 கிராம் உள்ளே போய் 1,780 கிராம் வெளியே வந்தால், 120 கிராம் கழுவும் தண்ணீரோடு போகிறது. சாதாரண ரப்பர் கரண்டியால், அவசரமில்லாத ஒருவர் வழித்த கணக்கு இது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

சத்தத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கைபேசிச் செயலி காட்டும் டெசிபல் எண்ணை அப்படியே அச்சில் போடாதீர்கள். அதன் மைக் அளவுகோலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டதல்ல. அதே கைபேசியை, அதே அடுக்களை மேடையில், அதே தூரத்தில் வைத்து எது அதிகம், எது குறைவு என்று சொல்ல மட்டும் அது உதவும்.

மின்கசிவுக்கு மதிப்பெண்ணே கிடையாது. சரியான எர்த் உள்ள பிளக்கில் மாட்டியும் உடம்பில் ஷாக் தட்டினால், டெஸ்டர் எரிந்தால், சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு அதை முதல் வரியில் எழுதுங்கள். மாவுக்குப் பத்துக்குப் பத்து வாங்கி அந்தக் குறையை ஈடுகட்ட எந்த இயந்திரத்துக்கும் இடம் தரக்கூடாது. கூட்டல் கணக்கில் சேரவே சேராத குறைகள் எவை என்பதையும் முதல் நாள் தாளிலேயே எழுதிவிட வேண்டும்.

இப்போது கணக்கு. புரிவதற்காக ஒரு மாதிரி: 'அ' கிரைண்டருக்கு மாவில் 9, கழுவுவதில் 5, தூக்குவதில் 4, சத்தத்தில் 8, நேரத்திலும் மின்சாரத்திலும் 7. 'ஆ' கிரைண்டருக்கு அதே வரிசையில் 7, 8, 8, 5, 8. ஒவ்வொன்றையும் அதன் பங்கால் பெருக்கிக் கூட்டி நூறால் வகுத்தால் 'அ'வுக்கு 7.00, 'ஆ'வுக்கு 7.15. 'ஆ' முந்துகிறது.

ஆனால் மாவின் பங்கை 45 ஆக உயர்த்தி, கழுவுவதை 20 ஆகக் குறைத்துப் பாருங்கள். 'அ'வுக்கு 7.20, 'ஆ'வுக்கு 7.10. முடிவு தலைகீழாகிவிட்டது. ஐந்து மதிப்பெண்ணை இடம் மாற்றியதும் கவிழ்கிற முதலிடத்தை முதலிடம் என்று அறிவிப்பது வாசகரை ஏமாற்றுவதற்குச் சமம். எந்த மதிப்புரையை முடிக்கும்போதும் பங்குகளை இப்படி ஐந்தைந்தாக நகர்த்திப் பார்க்கிறேன். முடிவு அசையாவிட்டால் துணிந்து "இதை வாங்குங்கள்" என்று எழுதலாம். அசைந்தால் இரண்டுக்கும் 7 என்று போட்டுவிட்டு, யாருக்கு எது என்று சொல்ல வேண்டும். இட்லிக் கடை வைத்திருப்பவருக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும் 'அ'. தனியாக இருக்கும் வயதானவருக்கு 'ஆ'. இந்த இரண்டு வரிகள் 7.15 என்ற எண்ணைவிடப் பல மடங்கு பயன்படும்.

குறைகளை எழுதும் இடத்தில்தான் பலருடைய பேனா தயங்குகிறது. "எடை சற்று அதிகம்" என்று முடித்துக்கொள்கிறார்கள். யாருக்கு அதிகம், எப்போது அதிகம்? "கழுவும் ஒவ்வொரு முறையும் டிரம்மை இரண்டு கையாலும் பிடித்துத் தொட்டிவரை தூக்கிப் போக வேண்டும். தோள்வலி உள்ளவர் துணையில்லாமல் இதைச் செய்ய முடியாது. சாய்க்கும் வசதி இருந்தாலும் மாவை ஊற்றத்தான் அது உதவுகிறது, கழுவ அல்ல." இப்படி எழுதினால் வாங்குகிறவர் தன் தோளை நினைத்துப் பார்த்து முடிவெடுப்பார். குறையோடு அதைச் சமாளிக்க வழி இருக்கிறதா என்பதும் வர வேண்டும். இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். வயரின் நிறம் பிடிக்கவில்லை என்பதுபோல ஒப்புக்கு ஒரு குறையைச் சொல்லிவிட்டு நடுநிலை காட்டுவதைவிடக் குறையே எழுதாமல் விடுவது மேல். அந்த ஒப்புக்கான குறையை வாசகர் உடனே கண்டுகொள்வார்.

சோதிக்காததையும் சொல்ல வேண்டும். சில வாரங்கள் ஓட்டிய கிரைண்டரின் பெல்ட் எப்போது தேயும், கல் எப்போது கொத்தப்பட வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே உழைப்புக்கு மதிப்பெண் போடாமல், வாரன்டி அட்டையைப் படித்து மோட்டாருக்கு எத்தனை ஆண்டு, பெல்ட்டும் கல்லும் அதில் சேருமா என்பதை எழுதுங்கள். நாம் பார்த்தது ஒரே ஓர் இயந்திரம் என்பதும் வரட்டும்.

முடிந்தால் அந்த ஓர் இயந்திரத்தைக் கடையில் காசு கொடுத்து வாங்குங்கள். நிறுவனம் அனுப்புவது பொறுக்கி எடுத்ததாக இருக்கலாம். இலவசமாக வாங்கியிருந்தால் அதை மதிப்புரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதையே கேட்கிறது. பணம் மட்டுமல்ல, இலவசப் பொருளும் பயணமும் வெளிப்படுத்த வேண்டிய தொடர்பாகவே அதில் கருதப்படுகின்றன.

அச்சுக்குப் போகும் முன் வாட், எடை, வாரன்டி போன்ற விவரங்களை மட்டும் நிறுவனத்துக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லலாம். மதிப்பெண்ணையும் குறைகளையும் அனுப்பக் கூடாது. வெளியான பிறகு "எங்கள் கிரைண்டரில் இவ்வளவு மாவு ஒட்டாது" என்று தொலைபேசியில் கோபப்பட்டால், வாதாட வேண்டாம். கடையிலிருந்து வேறொரு இயந்திரத்தை வாங்கி அதே அளவில் மறுபடி அரையுங்கள். 120 கிராம் 60 ஆகக் குறைந்தால் இரண்டு எண்ணையும் தேதியோடு போட்டு மதிப்பெண்ணைத் திருத்துங்கள். மறுபடியும் 120 வந்தால், அதையும் போடுங்கள்.