ஹாலுக்கு ஆத்தங்குடிக் கல்: ஒரு வாசகிக்குக் கடிதம்



திருச்சியில் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் ஹாலுக்கு ஆத்தங்குடிப் பூக்கல் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் எதிர்வீட்டில் போட்ட அதே கல் இரண்டு வருஷத்துக்குள் மங்கி, சொரசொரத்துப் போய்விட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் தலைமுறைகள் நடந்து நடந்து மெருகேறிய கல் அது. எதிர்வீட்டில் இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை என்றால், கல்லைக் குறை சொல்வதற்கு முன் அதைப் போட்ட முதல் மாதத்தில் என்ன நடந்தது என்றுதான் நான் கேட்பேன். இந்தத் தரை கெடுவது பெரும்பாலும் அந்த மாதத்தில்தான்.

அதற்குக் காரணம் புரிய, கல் எப்படி உருவாகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆத்தங்குடிப் பட்டறையில் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைப்பார்கள். அதற்குள் பூ அச்சை இறக்கி, அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஆக்சைடு நிறம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றுவார்கள். அச்சை மெல்ல எடுத்ததும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டபடி கண்ணாடியில் நிற்கும். அதன் மேல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள உலர்ந்த சிமென்ட், மணல் கலவையைத் தூவி, பிறகு முதுகுக்கான ஈரக் கலவையை நிரப்பிக் கரண்டியால் அழுத்தி மட்டம் செய்வார்கள். ஒரு நாள் இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறும். பிறகு எடுத்து உலர்த்தினால் கண்ணாடி தானாக விட்டு வரும். சூளை கிடையாது, மேலே கண்ணாடிப் பூச்சும் கிடையாது. அந்தப் பளபளப்பு, கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்ததால் சிமென்டுக்கே வந்த வழவழப்பு. நிறம் நிற்பது முக்கால் அங்குலக் கல்லில் மேலே உள்ள சில மில்லிமீட்டரில் மட்டும். ஆக, நீங்கள் வாங்கப்போவது திறந்த முகம் கொண்ட சிமென்ட். அது ஈரத்தைக் குடிக்கும், கறையையும் குடிக்கும், புளிப்பு எது பட்டாலும் அரிக்கும்.

இனி அளவு. உங்கள் ஹால் 12 அடிக்கு 16 அடி என்றும், கடையில் 10 அங்குலக் கல் காட்டினார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அறைக்கு 8 அங்குலக் கல்லையே நான் சொல்வேன். 144 அங்குலத்தை 8 ஆல் வகுத்தால் 18 கல். 192 அங்குலத்துக்கு 24 கல். வெட்டே இல்லாமல் அடங்குகிறது. பத்து அங்குலக் கல்லில் ஒரு பக்கம் 14 கல் போக 4 அங்குலமும், மறுபக்கம் 19 கல் போக 2 அங்குலமும் மிஞ்சும். அந்த மிச்சத்தைச் சுவரோரம் சன்னத் துண்டுகளாக வெட்டி ஒட்டுவார்கள். பூக்கல் தரையில் கண்ணை உறுத்துவது அதுதான்.

எட்டு அங்குலக் கல்லை இப்படிப் பிரித்துப் பாருங்கள். சுவரை ஒட்டி ஒரு சுற்று வெறும் சிவப்போ கறுப்போ, பூ இல்லாத கல்: 80 வரும். அதற்குள் ஒரு சுற்று பார்டர்: 68 கல், நான்கு மூலைக்கல். நடுவில் மிஞ்சும் இடம் 14க்கு 20, அதாவது 280 பூக்கல். எல்லாம் சேர்ந்து 432. நான்கு கல் சேர்ந்தால் ஒரு முழுப் பூ வரும் அச்சைத்தான் பெரும்பாலானவர்கள் விரும்புகிறார்கள். 14, 20 இரண்டும் இரட்டைப்படை என்பதால் நீளவாக்கில் 10, அகலவாக்கில் 7 என்று 70 பூக்கள் முழுசாக நிற்கும், பார்டரில் அரைப்பூ முட்டாது. வெளிச்சுற்றை வெறும் கல்லாக விடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. எந்தக் கொத்தனார் கட்டினாலும் பூச்சு முடிந்த சுவர் அரை அங்குலமாவது ஓடியிருக்கும். அந்தக் கோணல் முழுவதையும் வெறும் கல்லின் ஓரத்தை இழைத்துச் சரிசெய்துகொள்ளலாம், பார்டர் நேராக நிற்கும். சோபாவும் சுவரோர அலமாரிகளும் எப்படியும் அந்தச் சுற்றை மறைத்துவிடும்.

எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். பூக்கல்லில் இருபதும், வெறும் கல்லில் பத்தும், பார்டரில் ஐந்தாறும், மூலைக்கல்லில் இரண்டும் கூடுதலாக, ஒரே சமயத்தில் வார்த்ததாக வாங்குங்கள். நிறத்தைக் கையால் கலக்கிறார்கள். அடுத்த முறை வார்க்கும்போது அதே சிவப்பு வராது. மிஞ்சியதைப் பரணில் வைத்துவிடுங்கள். பின்னால் ஒரு கல்லில் போகாத கறை விழுந்தால் அதை மாற்ற வேறு வழி இல்லை.

வாங்கும்போது நான்கு கற்களைத் தரையில் சேர்த்து வைத்துப் பூ கூடுகிறதா என்று பாருங்கள். கோடு நூலளவு விலகுவதும், நிறத்தின் ஓரம் சற்றுக் கலங்குவதும் கைவேலையில் இருக்கும், அதைக் குறையாக எண்ண வேண்டாம். குறை எது என்றால், சாய்வான வெளிச்சத்தில் பிடிக்கும்போது முகத்தில் ஊசித்துளைகள் தெரிவது. ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்தால் நிறம் ஒட்டி வருவது. விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று கேட்காமல் சத்தம் அடங்கிப்போவது. நிறம் ஒட்டி வந்தால் கல் தொட்டியில் போதிய நாள் ஊறவில்லை, அல்லது நிறத்தை அளவுக்கு மேல் சேர்த்திருக்கிறார்கள். சத்தம் அடங்கினால் உள்ளே விரிசல். உடைந்த கல் ஒன்றைக் கேட்டு வாங்கி அதன் விளிம்பைப் பாருங்கள். நிறப்படலம் எங்கும் ஒரே கனமாக ஓட வேண்டும். அதே பூவை அச்சடித்த செராமிக் டைல்ஸும் சந்தையில் இருக்கிறது. அதன் விளிம்பில் நிறம் மேல்தோலாக மட்டுமே தெரியும். நான் சொல்லும் பராமரிப்பு அதற்குப் பொருந்தாது.

நிறத்தில் ஒரே யோசனை: வாசல்படி பக்கம் வெள்ளைத் தளம் வேண்டாம். காலடி மண் முதலில் தங்குவது அங்கேதான். சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகியவற்றை இரும்பு ஆக்சைடிலிருந்து எடுக்கிறார்கள்; அவை வெயிலில் வெளுப்பதில்லை.

இப்போது முதல் மாதத்துக்கு வருகிறேன். உங்களுடையது தரைத்தளம். கல் போடுவதற்கு முன், காங்கிரீட்டின் மேல் இரண்டடிச் சதுர பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அடியில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தால் மண்ணின் ஈரம் மேலே ஏறுகிறது என்று அர்த்தம். அதைத் தடுக்காமல் கல் போட்டால் அந்த ஈரம் கல் வழியாக ஏறி, மேலே வெள்ளையாக உப்புப் பூத்துக்கொண்டே இருக்கும்.

பெயின்ட், பட்டி, வயரிங் எல்லாம் முடிந்த பிறகு கடைசி வேலையாகத்தான் இந்தக் கல் இறங்க வேண்டும். கைவார்ப்புக் கல் எல்லாம் ஒரே கனம் இருக்காது. அதனால் டைல்ஸ் பசையைப் பொட்டுப் பொட்டாக வைத்து ஒட்டக்கூடாது. சிமென்ட், மணல் கலவையை முழுசாக விரித்து, ரசமட்டம் பார்த்து, கல்லுக்குக் கல் மட்டம் சரிசெய்து பதிக்க வேண்டும். பொட்டு வைத்தால் நடுவில் வெற்றிடம் விழுந்து, நாற்காலிக் கால் அழுத்திய இடத்தில் கல் விரியும். முதலில் கலவை இல்லாமல் ஒரு வரிசை நீளவாக்கிலும் ஒரு வரிசை குறுக்கிலும் அடுக்கி, நூல் பிடித்துப் பாருங்கள். முகத்தில் சிந்தும் சிமென்ட் பாலை அந்த நிமிஷமே ஈர ஸ்பாஞ்சால் எடுக்க வேண்டும். ஜாயின்ட்டுக்கு ஒயிட் சிமென்டில் கல்லின் வெளிர் நிறத்தை ஒட்டிய சாயம் போதும். கறுப்புச் சாயம் கலந்து தேய்த்தால் அது ஜாயின்ட்டோடு நிற்காமல் கல்லின் முகத்திலும் இறங்கும்.

அடுத்து வருவதுதான் உங்கள் எதிர்வீட்டில் நடந்திருக்கும் என்று நான் நினைப்பது. விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டுப் பழகிய ஆட்கள் வேலை முடிந்ததும் சிமென்ட் படிந்த தரையை ஆசிட் ஊற்றிக் கழுவிக் கொடுப்பார்கள். அந்த டைல்ஸை ஆசிட் ஒன்றும் செய்யாது. இங்கே, கண்ணாடி தந்த வழவழப்பான மேல்தோலையே அது கரைத்துவிடும். பளிச்சென்று தெரியும் தரை உலர்ந்ததும் வெளிறி, விரல் ஓட்டினால் மெல்லச் சொரசொரக்கும். பிறகு அழுக்கு ஒவ்வொரு துளையிலும் ஏறும். மெஷின் வைத்து பாலிஷ் போட்டுச் சரிசெய்யலாம் என்பார்கள். சில மில்லிமீட்டர்தானே நிறம், பூவே தேய்ந்துவிடும். ஆசிட்டுக்குப் பதிலாக ஊரில் செய்வது எளிய வழி: உமியைப் போட்டுத் தேய்த்து, வெறும் தண்ணீரில் துடைப்பார்கள்.

முதல் சில மாதங்களில் கொஞ்சம் உப்புப் பூக்கும். அது சிமென்டின் சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வருவது. உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டு ஈரத் துணியால் துடைத்தால் நாளடைவில் நின்றுபோகும். அது ஓயும் வரை மேல்பூச்சு எதுவும் வேண்டாம். பளபளக்கும் லேக்கர் பூச்சு அடித்தால் ஈரம் அடியில் மாட்டிக்கொண்டு வெள்ளைத் திட்டுகளாகி உரியும். அடிக்க விரும்பினால் கல்லுக்குள் இறங்கும் வகை சீலரை, தரை நன்றாக உலர்ந்த பின் அடிக்கலாம். இல்லையென்றால் ஊர் வழக்கப்படி, துடைத்து உலர்ந்த தரையை, தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்ட துணியால் அவ்வப்போது துடைக்கலாம். இரண்டில் ஒன்றுதான்: எண்ணெய் ஏறிய கல்லில் சீலர் இறங்காது. நான் எண்ணெய்ப் பக்கம். ஆனால் சொட்டுக் கணக்கு முக்கியம். கூடினால் வழுக்கும், தூசி ஒட்டும்.

அன்றாடம் வெறும் தண்ணீர் போதும். ஆசிட் கலந்த கழுவும் திரவங்கள், வினிகர், எலுமிச்சை வாசத்துக்காகப் புளிப்பு சேர்த்தவை எதுவும் இந்த ஹாலுக்குள் வரக்கூடாது. புளிக்குழம்போ மோரோ சிந்தினால் உடனே துடையுங்கள். எண்ணெய் சிந்தினால் டால்கம் பவுடரைக் கனமாகத் தூவி ஓர் இரவு விட்டுப் பெருக்குங்கள், பெரும்பகுதி ஏறி வந்துவிடும். மஞ்சளும் குங்குமமும் ஏறினால் போவது கஷ்டம்.

அதனால் கிரகப்பிரவேசத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். நிலைப்படியில் குங்குமம் தடவி வைக்கும் எலுமிச்சைக்கு அடியில் ஒரு வாழையிலைத் துண்டு, ஆரத்தித் தட்டுக்கு ஒரு மணைப்பலகை, ஹோம குண்டத்துக்கு அடியில் தகரத்தின் மேல் கனமான மணல் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அதற்கும் முன்பாக, கல்லுக்கு முன்பணம் கொடுக்கும் நாளிலேயே மேஸ்திரியைக் கூப்பிட்டு, ஆசிட் பாட்டில் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று நேரில் சொல்லிவிடுங்கள்.