12.500 என்றால் எத்தனை பீஸ்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். எங்கள் ஜெர்மன் பையர் ஜெர்மன் மொழியில்தான் மெயில் போடுகிறார். நான் ஆங்கிலத்தில் பதில் அனுப்புகிறேன். அதே விவரத்தைத் தமிழில் எழுதி கட்டிங், தையல் பிரிவுகளுக்கும் கொடுக்கிறேன். ஓர் ஆர்டரில் 12.500 டி-ஷர்ட், ஒன்றின் விலை 3,85 யூரோ, KW 27, கடைசித் தேதி 04.07.2025, மார்பளவு 55 செ.மீ., கூடுதல் குறைவு 1 செ.மீ. வரை என்று இருந்தது. இவற்றை அவர் எழுதியபடியே விடுவதா, மாற்றுவதா?
— வாசகி, திருப்பூர்

பதில்: எண்ணின் எழுத்துமுறையை மாற்றுங்கள், அளவை மாற்றாதீர்கள். புள்ளி, கமா, தேதியின் வரிசை எல்லாம் மொழியோடு வருபவை. ஆங்கிலத்தில் பதில் எழுதினால் ஆங்கில வழக்கம், தமிழில் எழுதினால் தமிழ் வழக்கம். 55 செ.மீ. என்பதோ பையரும் நீங்களும் ஒப்புக்கொண்ட அளவு. அதை எந்த மொழியில் எழுதினாலும் 55 செ.மீ.தான்.

முதலில் புள்ளியும் கமாவும். ஜெர்மனியில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி வைப்பார்கள். பின்னத்தைப் பிரிக்கக் கமா வைப்பார்கள். நம் வழக்கத்துக்கு நேர் எதிர். 12.500 என்றால் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. 3,85 என்றால் மூன்று யூரோ எண்பத்தைந்து சென்ட். ஆங்கிலப் பதிலில் இவை 12,500 என்றும் 3.85 என்றும் மாற வேண்டும். அவர் எழுதியபடியே விட்டால், ஆங்கிலத்தில் படிப்பவருக்கு 12.500 பன்னிரண்டரையாகிவிடும்.

மாற்றியது சரியா என்று மொத்தத் தொகையைப் பெருக்கிப் பார்ப்போம் என்று நினைப்பீர்கள். இந்த ஆர்டரில் அதுவே ஏமாற்றும். 12,500 பீஸை 3.85-ஆல் பெருக்கினால் 48,125 யூரோ. 12.500-ஐப் பன்னிரண்டரை என்று தவறாக எடுத்துக்கொண்ட எக்செல் தாள் 48.125 என்று காட்டும். ஜெர்மன் கண்ணுக்கு அதுவும் நாற்பத்தெட்டாயிரத்து நூற்று இருபத்தைந்துதான்! இலக்கங்கள் அப்படியே பொருந்துவதால் பிழை வெளியே தெரியாது. ஆகவே பணத்தொகையை எப்போதும் சென்ட் வரை, இரண்டு இலக்கத்தோடு எழுதுங்கள். சரியான கணக்கு 48,125.00 என்று நிற்கும். தவறான கணக்கு 48.13 என்று சுருங்கி உடனே காட்டிக்கொடுக்கும்.

இதிலிருந்து ஒரு பொது விதி கிடைக்கிறது. ஒரே ஒரு குறி, அதற்குப் பின் சரியாக மூன்று இலக்கம் — சந்தேகம் பிறக்கும் இடம் இது. 3,85 என்பதை யாரும் ஆயிரமாகப் படிக்க முடியாது. ஆனால் 1,500 கிலோ என்று ஜெர்மன்காரர் எழுதினால் அது ஒன்றரை கிலோ. நாம் படித்தால் ஒன்றரை டன். இப்படி ஓர் எண் வந்தால் பொருளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தெளியவில்லை என்றால் கேட்டுவிடுங்கள். நீங்கள் எழுதும்போது மூன்றாவது இலக்கத்தைத் தவிர்த்து 1.5 கிலோ என்றோ 1500 கிராம் என்றோ எழுதலாம். எடைகள், அளவைகளுக்கான பொது மாநாடு 2003-இல் எடுத்த தீர்மானமும் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கிறது. பின்னத்துக்குப் புள்ளியோ கமாவோ வைக்கலாம். ஆயிரங்களுக்கு இரண்டுமே வேண்டாம், படிக்க எளிதாக இடைவெளி விடலாம், 12 500 என்பதுபோல.

தமிழ்த் தாளில் லட்சக் கணக்கு இருக்கட்டும். அடுத்த ஆர்டர் ஜெர்மன் மெயிலில் 125.000 என்று வந்தால், ஆங்கிலத்தில் 125,000, தமிழில் 1,25,000. நம் கமாவை அப்படியே ஆங்கில மெயிலுக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே 1,25,000 என்பதைப் பார்ப்பவர் ஓர் இலக்கம் விட்டுப்போனதாக நினைப்பார்.

அடுத்து தேதி. 04.07.2025 என்பதை ஜெர்மனியிலும் நம் ஊரிலும் ஜூலை 4 என்றே படிப்போம். ஆனால் உங்கள் ஆங்கில மெயில் பையரோடு நிற்பதில்லை. அது அமெரிக்க முறைக்குப் பழகிய ஒருவரிடம் போனால் ஏப்ரல் 7 ஆகிவிடும். நாள் எண் 12-க்குள் இருக்கும் தேதிகள் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. மாதத்தை எழுத்தால் எழுதி, கிழமையையும் சேர்த்துவிடுங்கள். 2025 ஜூலை 4 வெள்ளி, ஏப்ரல் 7 திங்கள். தேதி புரண்டால் பெரும்பாலும் கிழமை பொருந்தாது.

KW என்பது ஜெர்மன் வணிகத்தில் அன்றாடம் புழங்கும் வார எண். அதை அப்படியே ஆங்கிலத்திலோ தமிழிலோ வைத்தால் படிப்பவர் எதைக் கொண்டு எண்ணுவார்? ஜெர்மனியில் வாரம் திங்களன்று தொடங்கும். ஆண்டின் முதல் வியாழன் எந்த வாரத்தில் வருகிறதோ அது முதல் வாரம். அந்தக் கணக்குப்படி 2025-இன் KW 27, ஜூன் 30 முதல் ஜூலை 6 வரை. கடைசித் தேதியான ஜூலை 4 அதற்குள் வருவதால் மெயிலில் முரண்பாடு இல்லை. எக்செலின் WEEKNUM, நாம் எதுவும் சொல்லாவிட்டால், ஜனவரி 1 இருக்கும் வாரத்தையே முதல் வாரமாகக் கொண்டு ஞாயிறு முதல் எண்ணும். 2027-இல் இந்த இரண்டு கணக்கும் ஏறத்தாழ ஒரு வாரம் விலகும்: KW 10 மார்ச் 8-இல் தொடங்கும், WEEKNUM-இன் பத்தாவது வாரமோ பிப்ரவரி 28-இலேயே தொடங்கிவிடும். எனவே ISOWEEKNUM-ஐப் பயன்படுத்துங்கள். பதிலில் வார எண்ணோடு தேதிகளையும் எழுதுங்கள்.

கடைசியாக, தையல் தளத்தில் தவறு நுழையும் இடம் அளவு. டெய்லர்களுக்கு இஞ்ச் பழக்கம் என்பதால் 55 செ.மீ.-ஐ மாற்றிக் கொடுக்கத் தோன்றும். 55 செ.மீ. என்பது 21.65 இஞ்ச். அதை 21½ என்று எழுதினால் 54.6 செ.மீ. ஆகிறது. ஒரு செ.மீ. சலுகையில் 4 மி.மீ. துணியை வெட்டும் முன்பே போய்விட்டது. சரியாகத் தைத்த சட்டைகூடச் சோதனையில் தள்ளுபடியாகலாம். தமிழ்த் தாளிலும் செ.மீ.-ஐயே எழுதி, டேப்பின் செ.மீ. பக்கத்தால் அளக்கச் சொல்லுங்கள். இஞ்ச் வேண்டுமென்றே கேட்டால் அடைப்புக்குறிக்குள் கொடுத்து, "சோதனைக்கு செ.மீ. மட்டும்" என்று பக்கத்திலேயே குறியுங்கள்.

ஆர்டர் எண், ஸ்டைல் எண், லேபிளில் அச்சாக வேண்டிய வரி ஆகிய மூன்றையும் தொடாதீர்கள். அவற்றில் இருக்கும் புள்ளியும் கமாவும் பெயரின் பகுதி.

உங்கள் ஆங்கிலப் பதிலின் முக்கிய வரிகள் இப்படி இருக்கட்டும்:

```
Quantity: 12,500 pcs
Price:    EUR 3.85 / pc
Total:    EUR 48,125.00
Ship by:  Friday, 4 July 2025
          (KW 27: 30 June - 6 July)
Chest:    55 cm (+/- 1 cm)
```

தமிழ்த் தாளில் "12,500 பீஸ், 2025 ஜூலை 4, வெள்ளிக்கிழமைக்குள், மார்பு 55 செ.மீ., கூடக் குறைய 1 செ.மீ." என்று எழுதினால் போதும். எழுதியவுடன் ஜெர்மன் மெயில், ஆங்கிலப் பதில், தமிழ்த் தாள் மூன்றையும் அருகருகே வைத்து ஒவ்வோர் எண்ணையும் வாய்விட்டுப் படியுங்கள். மூன்றிலும் "பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு" என்றே ஒலித்தால் கட்டிங்குக்குக் கொடுக்கலாம்.