வெண்டைக்காய் நீரும் நீரிழிவு நோயும்: பத்திரிகைக்கு மறுப்புக் கடிதம் எழுதும் முறை

2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நமது ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சி உறுப்பினர் ஒருவர், ஒரு நாளிதழின் துண்டையும் தாம் எழுதிய மூன்று பக்கக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு நமது அலுவலகத்திற்கு வந்தார். அந்நாளிதழின் நலவாழ்வுப் பகுதியில் வாசகர் ஒருவரின் கைமருத்துவக் குறிப்பு வெளியாகியிருந்தது. இரண்டு வெண்டைக்காய்களின் முனைகளை நறுக்கி, ஒரு குவளை நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் வெறும் வயிற்றில் அந்நீரைப் பருகினால் இரண்டு வாரங்களில் நீரிழிவு நீங்கிவிடும். மாத்திரையும் இன்சுலின் ஊசியும் வேண்டுவதில்லை என்பது அதன் சாரம். இதே செய்தி பல ஆண்டுகளாகக் கைபேசிக்குக் கைபேசி பரவி வருவதை நம்மில் பலர் அறிவோம். அச்சில் வந்ததும் அதற்கு ஒரு மதிப்பு ஏற்பட்டுவிட்டது. அதற்கு மறுப்பு எழுதவேண்டும், கடிதத்தைத் திருத்தித் தாருங்கள் என்று உறுப்பினர் கேட்டார்.

அவர் அவ்வளவு கவலை கொண்டதற்குக் காரணம் இருந்தது. அவருடைய ஊரில் 52 வயதுள்ள விவசாயி ஒருவர் ஆறு ஆண்டுகளாக நீரிழிவுக்கு மருந்து உண்டு வந்தவர். மெட்பார்மின் 500 மில்லிகிராம் மாத்திரை காலையில் ஒன்றும் இரவில் ஒன்றும், அதனுடன் வேறொரு சிறு மாத்திரையும் அவருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தன. வெறும் வயிற்றில் எடுத்த அளவு 138 என்ற நிலையில் இருந்தது. அதாவது 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 138 மில்லிகிராம் சர்க்கரை. குறிப்பைப் படித்த மறுநாளே அவர் மாத்திரைகள் அனைத்தையும் நிறுத்திவிட்டு வெண்டைக்காய் நீரைப் பருகத் தொடங்கினார். மூன்றாம் நாள் காலையில் சோதித்தபோது 142 இருந்தது. “மாத்திரையின்றியே அதே அளவுதான்” என்று அவர் மகிழ்ந்தார். அண்டை வீட்டாருக்கும் சொன்னார். அதன் பின்னர் அவர் சோதிக்கவில்லை. பதினெட்டாம் நாள், வயலில் முள் குத்திய கால் புண் ஆறாமல் சீழ் பிடித்து, அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீரும் கண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்றார். வெறும் வயிற்றில் அளவு 262. புண் ஆறுவதற்கு ஐந்து வாரங்கள் ஆயின.

மறுப்பு எழுதப் புகுமுன், மூன்றாம் நாள் வந்த 142 என்ற எண் அவரை எவ்வாறு ஏமாற்றியது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். மாத்திரையின் பயன் நிறுத்திய அன்றே அற்றுப்போவதில்லை. சில நாட்களில்தான் சிறிது சிறிதாகத் தேய்கிறது. ஆகவே அந்த 142 வெண்டைக்காய் நீர் தந்த அளவன்று. பழைய மாத்திரை விட்டுச்சென்ற அளவு. மேலும், மருந்து மாற்றிய உற்சாகத்தில் அவர் அந்நாட்களில் இரவுச் சோற்றையும் குறைத்திருந்தார். அவர் பார்த்ததும் காலை அளவு மட்டுமே. உண்டபின் இரண்டு மணி நேரங் கழித்துச் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்பதை அவர் பார்க்கவேயில்லை. நீரிழிவு கட்டுப்பட்டிருக்கிறதா என்பதை ஓரிரு நாள் அளவைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. அதற்காகவே ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஓர் இரத்தச் சோதனை இருக்கிறது. “இரண்டு வாரத்தில் நீங்கிவிடும்” என்று சொல்லும் எந்தக் கைமருத்துவமும், தன் பயனை அறிவதற்கு வேண்டிய காலத்தைக்கூடக் கொடுப்பதில்லை.

இனி உறுப்பினரின் கடிதத்திற்கு வருவோம். அது நல்லெண்ணத்துடன் எழுதப்பட்டதுதான். ஆயினும் நான்கு குறைகள் இருந்தன. முதலாவது, தலைப்பிலும் முதல் பத்தியிலும் பொய்யான குறிப்பையே முழுமையாக எடுத்து எழுதியிருந்தார். மேலோட்டமாகப் பார்க்கும் வாசகர் மனத்தில் அந்தச் செய்முறை மட்டுமே தங்கிவிடும். இரண்டாவது, குறிப்பை நம்பியவர்களை அறிவிலிகள் என்று சாடியிருந்தார். நாம் திருத்த விரும்புவது அவர்களையே; சாடினால் அவர்கள் மேற்கொண்டு படிக்க மாட்டார்கள். மூன்றாவது, நோயுற்ற விவசாயியின் பெயரையும் ஊரையும் வெளியிட்டிருந்தார். பிறருடைய நோயை அச்சிலேற்ற நமக்கு உரிமையில்லை.

நான்காவது குறையே பெரிது. “வெண்டைக்காயினால் நீரிழிவுக்காரருக்கு எள்ளளவும் பயனில்லை” என்று அவர் எழுதியிருந்தார். இது உண்மையன்று. வெண்டைக்காயின் கொழகொழப்பான நார்ப்பொருள், உணவிலுள்ள சர்க்கரை குடலில் இருந்து இரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கக்கூடியது. மனிதரிடம் நடந்த சில சிறு ஆய்வுகளில், வழக்கமான மருத்துவத்துடன் வெண்டைக்காயையும் சேர்த்தபோது வெறும் வயிற்றுச் சர்க்கரை ஓரளவு குறைந்ததாகவும் கண்டிருக்கிறார்கள். சோற்றைக் குறைத்து வெண்டைக்காய்ப் பொரியலைக் கூட்டி உண்பது நன்மையே. மருந்துக்கு மாற்றாக அது நிற்கும் என்பதற்கு மட்டும் எந்த ஆய்வும் இல்லை. பொய் எவ்விடத்தில் இருக்கிறதோ அவ்விடத்தை மட்டும் சுட்டவேண்டும். அளவு மீறி மறுத்தால், வெண்டைக்காய் உண்டு சிறிது பயன் கண்டவர் நமது மறுப்பையே பொய்யென்று தள்ளிவிடுவார்.

திருத்திய கடிதத்தை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டினோம். அவ்வம்மையார் இரண்டு மாற்றங்களைச் செய்தார். “ஒருமுறை தொடங்கிய மாத்திரையை எவரும் எக்காலத்தும் நிறுத்த இயலாது” என்று நாம் எழுதியிருந்த வாக்கியத்தை அடித்தார். உடல் எடையை வெகுவாகக் குறைத்து, மருத்துவரின் கண்காணிப்பில் மாத்திரையின்றி இருப்பவர்களும் உளர்; ஆகவே “மருத்துவரைக் கேளாமல் நிறுத்தக்கூடாது” என்பதே சரி என்றார். மற்றொன்று, இன்சுலின் பற்றியது. சிலருக்கு, பெரும்பாலும் சிறு வயதிலேயே, உடலில் இன்சுலின் சுரப்பு அறவே நின்றுவிடுகிறது. அவர்கள் ஊசியை நிறுத்தினால் சில நாட்களுக்குள் இரத்தத்தில் அமிலம் மிகுந்து உயிருக்கே ஆபத்தாகும். 1922ஆம் ஆண்டில் கனடா நாட்டின் டொரான்டோ நகரில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்படும் வரையில், இவ்வகை நோயுற்ற குழந்தைகள் பிழைக்க வழியே இருந்ததில்லை. குறிப்பிலுள்ள மிகக் கொடிய சொல் “இன்சுலினும் வேண்டுவதில்லை” என்பதாகும். அதைக் கடிதத்தின் முற்பகுதியிலேயே மறுக்கவேண்டும் என்றார்.

இறுதியில் அனுப்பிய கடிதம் வருமாறு:

“ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள், மருத்துவரைக் கேளாமல் அவற்றை ஒரு நாளும் நிறுத்தக்கூடாது. இன்சுலினை நிறுத்தினால் சிலருக்குச் சில நாட்களிலேயே உயிராபத்து நேரும். தங்கள் நலவாழ்வுப் பகுதியில் வெளியான வெண்டைக்காய் நீர் பற்றிய குறிப்பு, மருந்து வேண்டுவதில்லை என்று கூறுவது தவறு.

வெண்டைக்காய் நல்ல உணவு. உணவில் அதைச் சேர்த்துக்கொள்வது சர்க்கரையைக் கட்டுப்படுத்த ஓரளவு துணை செய்யலாம். மருந்தின் வேலையை அது செய்வதில்லை. எங்கள் ஊரில் ஒருவர் இக்குறிப்பை நம்பி மாத்திரையை நிறுத்தினார். மூன்றாம் நாள் 142 ஆக இருந்த சர்க்கரை, பதினெட்டாம் நாள் 262 ஆயிற்று. காலில் புண்ணும் ஆறவில்லை. முதல் சில நாட்களில் அளவு ஏறாததற்குக் காரணம், பழைய மாத்திரையின் பயன் மீந்திருந்ததே.

இக்குறிப்பைப் பின்பற்றி மருந்தை நிறுத்தியவர்கள் இன்றே அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சோதித்துக்கொள்ள வேண்டுகிறோம். இத்திருத்தத்தை அதே பகுதியில் வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம், ஊராட்சி உறுப்பினர்.”

கீழே அவருடைய பெயர், முழு முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றுடன், குறிப்பு வெளியான தேதியும் தலைப்பும் தனியே குறிக்கப்பட்டன. ஆசிரியர் குழுவினர் சரிபார்ப்பதற்கு இவை வேண்டும். மருத்துவர் படித்துச் சரிபார்த்தார் என்பதையும் தனித்தாளில் எழுதி இணைத்தோம். இத்தகைய கடிதத்தைத் தாமதமின்றி, இரண்டு மூன்று நாட்களுக்குள் அனுப்பிவிடுவது நலம்.

ஒன்பதாம் நாள் கடிதம் வெளியாயிற்று. இடமின்மையால் இரண்டாம் பத்தியின் பின்பாதியை வெட்டிவிட்டார்கள். ஆயினும் முதல் பத்தி அப்படியே நின்றது. பத்திரிகைக்கு எழுதுவோர் இதை மனத்திற் கொள்ளவேண்டும்: வெட்டு எங்கு விழுமென்று நாம் அறியோம், ஆகவே உயிர்காக்கும் வாக்கியம் முதலில் நிற்கவேண்டும்.

எனினும், அச்சில் வந்த திருத்தம் பொய் சென்ற இடமெல்லாம் செல்வதில்லை. உறுப்பினர் அப்பத்திரிகைத் துண்டைப் படமெடுத்து, பழைய செய்தி உலவிய அதே கைபேசிக் குழுக்களில் அனுப்பினார். அதைக் காட்டிலும் பயன் தந்தது வேறொன்று. 2021ஆம் ஆண்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் வீடுதோறும் மாத்திரை கொண்டு வரும் பெண் தன்னார்வலர், “மாத்திரை உண்கிறீர்களா?” என்று கேட்பதை விட்டு, “சென்ற முறை கொடுத்ததில் எத்தனை மீதி இருக்கிறது? காட்டுங்கள்” என்று கேட்கத் தொடங்கினார். அவ்வாறு கேட்டபோது அவ்வூரில் மேலும் மூவர் மருந்தை நிறுத்தியிருந்தது தெரியவந்தது. உண்கிறோம் என்று வாய் சொல்லும். மீதி மாத்திரை மெய் சொல்லும்.

இன்னொரு செய்தியையும் உறுப்பினர்கள் அறிந்திருத்தல் வேண்டும். வாசகர் குறிப்பு அறியாமையால் எழுதப்படுவது. அதற்கு மறுப்புக் கடிதம் போதும். ஆனால் சந்தையிலோ விளம்பரத்திலோ “நீரிழிவை அறவே தீர்க்கும் பொடி” என்று ஒருவர் விற்பாரானால் அது வேறு. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவ முறைகள் பற்றிய ஆட்சேபணைக்குரிய விளம்பரங்கள் சட்டத்தின் பட்டியலில் நீரிழிவும் அடங்கியுள்ளது. அந்நோயைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை அச்சட்டம் தடை செய்கிறது. அவ்விளம்பரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் எழுத்து மூலம் புகார் செய்யலாம்.

அந்த விவசாயி இன்றும் தமது கொல்லையில் வெண்டை பயிரிடுகிறார். பொரியலாகவும் குழம்பாகவும் உண்கிறார். மாத்திரைகளையும் காலை, இரவு தவறாமல் உண்கிறார். சென்ற முறை அவரது அளவு 131 என்று உறுப்பினர் நமக்குத் தெரிவித்தார்.