மிதந்த சொட்டும் என் இரத்ததானக் கவிதையும்

சி ரூசாவில் எங்கள் வளாகத்தில் போன வருடம் இரத்ததான முகாம் நடந்தபோது, அதற்குக் கவிதை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எழுதினேன். குருதி நதி, உயிர்த் தீபம், தியாகச் சுடர் என்று எல்லாம் அதில் இருந்தது. மேடையில் வாசித்ததும் நல்ல கைதட்டல். கைதட்டியவர்களில் பலர் வரிசையில் வந்தும் நின்றார்கள். ஆனால் அவர்களில் ஒரு பங்கு பேர் இரத்தம் கொடுக்காமலேயே திரும்பிப் போனார்கள். ஒருவன் விடிய விடிய அசைன்மென்ட் செய்துவிட்டு இரண்டு மணி நேரத் தூக்கத்தோடு வந்திருந்தான். இன்னொருவன் ஐசி கொண்டு வரவில்லை. அன்று வெள்ளிக்கிழமை, விரதம் இருந்த இரண்டு பேர் வெறும் வயிற்றோடு வந்துவிட்டார்கள். என் கவிதை அவர்களை நாற்காலி வரை கூட்டி வந்ததே தவிர, எப்படி வரணும் என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

அன்றைக்கு என்னை அதிகம் யோசிக்க வைத்தது இயந்திரவியல் படிக்கும் ஒரு தங்கச்சி. அவளுடையது ஓ நெகட்டிவ். மலேசியாவில் மலாய்க்காரர், சீனரிடையே நெகட்டிவ் வகை நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவர்தான். நம் இந்தியர்களிடையே நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இருக்கிறார்கள். அதனால் அந்த வகை இரத்தம் தேவைப்படும்போது நம்மவர் பக்கம்தான் கண் திரும்பும். தங்கச்சிக்கு இது தெரியும், ஆசையாகத்தான் வந்தாள். மிஸ்ஸி அவள் விரலில் குத்தி, ஒரு சொட்டை நீல நிறத் தண்ணீரில் விட்டார். சொட்டு கொஞ்சம் இறங்கியது, நின்றது, திரும்ப மேலே வந்துவிட்டது.

"இன்னிக்கு வேணாம்மா" என்றார் மிஸ்ஸி. அவள் முகம் சுருங்கிப் போச்சு.

அந்த நீலத் தண்ணீர் காப்பர் சல்பேட் கரைசல், நம்ம மயில்துத்தம். அதன் அடர்த்தியை 1.053 என்று வைத்துத் தயாரிப்பார்கள். அதாவது சாதாரணத் தண்ணீரைவிட நூற்றுக்கு ஐந்து பங்கு கூடக் கனம். இரத்தத்துக்குக் கனம் கொடுப்பதில் பெரிய பங்கு ஹீமோகுளோபினுக்கு. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 12.5 கிராம் ஹீமோகுளோபின் இருந்தால் அதன் அடர்த்தி ஏறக்குறைய அதே 1.053 வரும். அதைவிடக் கூடுதலாக இருந்தால் சொட்டு மூழ்கும், குறைந்தால் மிதக்கும். கரைந்து போகாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கரைசலில் விழுந்த உடனே சொட்டைச் சுற்றி செம்பும் புரதமும் சேர்ந்து ஒரு மெல்லிய தோல் உண்டாகிறது. ஒரு பதினைந்து விநாடி அது தாங்கும். அந்த நேரத்துக்குள் பார்த்து முடிவு சொல்லணும். இரண்டாம் உலகப் போர் காலத்தில் அமெரிக்காவில் வான் ஸ்லைக் குழுவினர் உருவாக்கிய முறை இது. பேட்டரியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். பொறியியல் படிக்கிறவனுக்கு இதைவிட அழகான கருவி வேறென்ன!

ஆனால் சோதனைக்கும் குறை உண்டு. சொட்டுக்குள் சின்னக் காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டால், நல்ல இரத்தமும் மிதக்கும். பல சொட்டுகள் விழுந்து பழசான கரைசலில் அடர்த்தி மாறிவிடும், அதனால் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குப் பிறகு அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக எடுக்கணும். சந்தேகம் வந்தால் இயந்திரத்தில் அளந்து பார்ப்பார்கள். தங்கச்சிக்கும் அப்படி அளந்தார்கள்: 11.8. குமிழி இல்லை, உண்மையிலேயே குறைவு.

மிஸ்ஸி கேட்ட அடுத்த கேள்வியில்தான் விஷயம் இருந்தது. "சாப்பாட்டோட தேத்தண்ணி குடிப்பியா?"

குடிப்பாள். நாம் எல்லாருமே குடிக்கிறோம். தோட்டத்துப் பழக்கம், காலையில் ரொட்டியோடு தேத்தண்ணி, மத்தியானம் சோற்றோடு தேத்தண்ணி. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள், கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்புக்குப் போக வேண்டியதில் பாதிக்கு மேல் அப்படியே போய்விடும். முருங்கைக்கீரை சாப்பிட்டால் இரத்தம் ஊறும் என்று பாட்டி சொன்னதில் தப்பில்லை. ஆனால் அதற்கு மேல் சுடச்சுட ஒரு தே தாரிக் ஊற்றினால் கீரை என்ன செய்யும்?

சரி, அவளுக்குக் குறைந்தது எவ்வளவு பெரிய விஷயம்? ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 350 மில்லி லிட்டர் கொடுத்தால் 175 மில்லிகிராம் போகும். நம் குடல் சாதாரணமாக ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான் உள்ளே எடுக்கும். வகுத்துப் பாருங்கள், திரும்ப நிரம்ப மூன்று முதல் ஆறு மாதம் வரை ஆகிவிடும். ஏற்கனவே குறைவாக இருப்பவளிடம் அதையும் எடுத்தால் அவளுக்குத்தான் கஷ்டம். மிஸ்ஸி அவளைத் திருப்பி அனுப்பியது அவளைக் காப்பாற்றத்தான். வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற யாரும் அப்படி நினைக்கவில்லை. "ஐயோ, ரிஜெக்ட் ஆயிட்டாளே" என்றுதான் பேசினார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தே பல பெண்கள் முகாம் பக்கம் வருவதில்லை.

அவள் கிளினிக் போய் இரத்தப் பரிசோதனை செய்தாள். டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்தார். தேத்தண்ணியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வைத்தாள். சோற்றோடு எலுமிச்சை, கொய்யா என்று ஏதாவது ஒன்று சேர்த்துக்கொண்டாள், அது இரும்பு சேர உதவும். மூன்று மாதம் கழித்து அளந்தபோது 12.9. அதற்குப் பிறகு சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். நானும் கூடப் போனேன். இந்தத் தடவை சொட்டு நேரே அடிக்குப் போனது. அவள் சிரித்த சிரிப்பை என் பழைய கவிதையில் எங்கேயும் வைக்க முடியாது.

இந்த வருடமும் கவிதை என்னிடம்தான் வந்தது. நதி, தீபம், சுடர் மூன்றையும் எடுத்துவிட்டேன். முகாமையும் வெள்ளிக்கிழமையிலிருந்து புதன்கிழமைக்கு மாற்றச் சொல்லி மாற்றியாச்சு. தைப்பூசத்தில் அலகு குத்தியவர்களைச் சில மாதம் பொறுக்கச் சொல்வார்கள், அதற்கும் ஒரு இடம் வைத்தேன். போஸ்டரில் போகப் போவது இதுதான்:

தூங்கி எழுந்து வா நண்பா,
அஞ்சு மணி நேரமாவது தூங்கிவிட்டு வா.
சாப்பிட்டு வா தங்கச்சி,
விரதம் என்றால் வேறு நாள் பார்த்து வா.

அலகு குத்தினாயா? மறைக்காதே, சொல்லிவிடு.
மருந்து சாப்பிடுகிறாயா? அதையும் சொல்லிவிடு.
உன் பதிலை நம்பித்தான்
முகம் தெரியாத ஒருத்தர் படுத்திருக்கிறார்.

விரல் நுனியில் ஒரு சொட்டு
நீலத் தண்ணியில் விழும்.
மூழ்கினால் நாற்காலியில் உட்கார்,
மிதந்தால் தலை குனியாதே.

மிதந்த சொட்டு தோல்வி இல்லை,
உன் உடம்பு உனக்கு எழுதின கடிதம்.
தேத்தண்ணியைத் தள்ளி வை,
டாக்டரைப் பார், மூணு மாதத்தில் திரும்பி வா.

கொடுத்த பிறகு எழுந்து ஓடாதே,
பத்து நிமிஷம் படு, மைலோ குடி,
தலை சுற்றினால் வெட்கப்படாதே,
உடனே மிஸ்ஸியைக் கூப்பிடு.

புதன்கிழமை காலை ஒன்பது மணி,
நம்ம வளாகத்துப் பெரிய மண்டபம்.
ஐசியை எடு, தோழனைக் கூட்டு,
வா, கை நீட்டு, ஒரு பை இரத்தம் கொடு.