சிறுவயதில் சொன்ன பொய்யை எழுதுவது எப்படி?

கேள்வி: எனக்கு வயது 54. நான்காம் வகுப்பு படிக்கும்போது அம்மாவின் மூக்குத்தியை எடுத்து விளையாடி, கிணற்றுக்குள் தவறவிட்டேன். அடிக்குப் பயந்து, வீட்டு வேலை செய்த அக்கா பீரோவைத் திறந்ததைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டேன். அன்றே அவரை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கும் என் வீட்டில் எது காணாமல் போனாலும் வேலைக்கு வருபவரிடம் கேட்க மாட்டேன். கணவர் கேட்டால் சண்டைதான். இதை எழுத உட்கார்ந்தால் வெறும் புலம்பலாக வருகிறது. பக்கங்களை இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: படித்தேன். முதல் பக்கத்திலேயே மூன்று முறை உங்களைப் 'பாவி' என்கிறீர்கள். ஆனால் மூக்குத்தியில் என்ன கல், உங்களைக் கேட்டது அம்மாவா அப்பாவா, நீங்கள் சொன்ன வாக்கியம் என்ன, எதுவும் இல்லை.

இதே மாதிரிப் பொய்யை எழுதியவர்களில் முன்னோடி ரூசோ. 1728-ல், பதினாறு வயதில், டூரின் நகரத்தில் ஒரு சீமாட்டி வீட்டில் வேலை பார்த்தார். சீமாட்டி இறந்ததும் வீட்டைக் கலைத்தார்கள். அப்போது ஒரு பழைய ரிப்பன் காணவில்லை. இளஞ்சிவப்பும் வெள்ளியும் கலந்தது. அது ரூசோவிடம் இருந்தது. எல்லோர் முன்னாலும் விசாரித்தபோது, சமையல்கார இளம்பெண் மரியோன் கொடுத்தாள் என்றார். அவள் அழுதாள், மறுத்தாள், ஆனால் அவரைத் திட்டவில்லை. இருவரையும் அனுப்பிவிட்டார்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்து, 'கன்ஃபெஷன்ஸ்' என்ற தன்வரலாற்றில் இதை எழுதினார். அந்த நூலை எழுதத் துணிந்ததற்கே இந்தப் பாரம் ஒரு காரணம் என்கிறார்.

விசாரணைக் காட்சி வரை அவரைக் குறை சொல்ல முடியாது. ரிப்பனின் நிறம் தெரிகிறது, அந்தப் பெண்ணின் குரல் கேட்கிறது. அதற்குப் பிறகுதான் சறுக்குகிறார். ரிப்பனை அவளுக்கே கொடுக்க நினைத்திருந்ததால் அவள் பெயர் வாயில் வந்ததாம். தண்டனைக்கு அல்ல, வெட்கத்துக்கே பயந்தாராம். தனியாக அழைத்துக் கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாராம். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பழி விழுந்த உடனே வருவதால் வக்கீல் வாதம் போலக் கேட்கிறது. அழுதுகொண்டிருந்த மரியோனை மறந்து, வாசகர் ரூசோவுக்காக இரங்க வேண்டியிருக்கிறது.

உங்கள் பக்கங்களிலும் இதேதான். 'எனக்கு வயது ஒன்பதுதானே' என்ற வரி, அக்கா படியிறங்கிய மறுவரியில் நிற்கிறது. அதை அங்கிருந்து எடுங்கள். அந்தக் காட்சியில் ஒன்பது வயதுப் பெண்ணுக்குத் தெரிந்தது மட்டும் இருக்கட்டும்: கேள்வி, பதில், அக்கா என்ன சொன்னார், யார் எங்கே நின்றார்கள். ஏழை என்பதால் பெரியவர்கள் விசாரிக்காமலே நம்பினார்கள் என்பது நீங்கள் வளர்ந்த பிறகு புரிந்துகொண்டது. அது புரிந்த வயது வரும்போது சொல்லுங்கள். அங்கே அது சாக்காகத் தெரியாது.

அந்தப் பொய்யின் நீண்ட நிழலை எப்படிக் காட்டுவது? கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, வேலைக்கு வருபவரிடம் கேட்க மாட்டேன் என்று, அதுதான். உங்கள் பக்கங்களில் அது இல்லை! கணவரோடு நடந்த ஒரு சண்டையை முழுதாக எழுதுங்கள். என்ன காணாமல் போயிருந்தது, நீங்கள் என்ன சொன்னீர்கள், காரணம் தெரியாமல் அவர் எப்படிக் குழம்பினார் என்று. குற்றவுணர்வு என்ற சொல்லே தேவைப்படாது. ஆனால் கல்லூரியில் தோற்றது, மாமியாரோடு ஒத்துப்போகாதது எல்லாவற்றையும் இந்தப் பொய்யின் தலையில் ஏற்றியிருக்கிறீர்கள். பொய்யே சொல்லாதிருந்தாலும் அது நடந்திருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். நடந்திருக்கும் என்றால் வெட்டிவிடுங்கள். எனக்குத் தெரிந்து பாதிப் பக்கம் போய்விடும்.

ரூசோ இந்த விஷயத்தை இனிப் பேச வேண்டாம் என்று முடித்தார். ஆனால் கடைசிக் காலத்தில் எழுதிய மற்றொரு நூலில், பொய்யைப் பற்றிய பகுதியில், மறுபடி அந்த ரிப்பனிடம் வந்து நிற்கிறார். 'என் பாரம் இறங்கிவிட்டது' என்று நீங்கள் எழுதிய கடைசி வரியை நான் நம்பாததற்கு அதுவும் காரணம்.

அக்கா பிறகு என்ன ஆனார் என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் கஷ்டப்பட்டு இறந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது இன்னொரு பொய். யார் சொல்லி என்ன கேள்விப்பட்டீர்களோ அதை மட்டும் எழுதுங்கள். உங்கள் அண்ணனிடமும் விசாரியுங்கள், ஆனால் பக்கங்களைக் காட்டுவதற்கு முன். படித்துவிட்டால் உங்கள் நினைவையே தன் நினைவாகச் சொல்லுவார். இரண்டு பேர் சொல்வதும் ஒத்துவராவிட்டால் இரண்டையும் வைத்துவிடுங்கள்.

அக்காவின் பெயரையும் தெருவையும் மாற்றுங்கள். உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தால், அச்சில் வருவதற்கு முன்னால் அவரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். எழுத வேண்டாம் என்று அவர் சொன்னால் எழுதக் கூடாது.