சோற்றுக் கற்றாழையா, ஆனைக்கற்றாழையா?

வெள்ளவத்தையின் மாடி வீடுகளிலும் கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய முற்றங்களிலும் சாடியில் நிற்கும் தடித்த இலைச் செடி எதுவானாலும் நாம் 'கற்றாழை' என்றே சொல்லிவிடுகிறோம். அதன் சாற்றை முகத்திலும் தலையிலும் பூசும்போதுதான் இந்தப் பெயர் மயக்கம் பொல்லாததாகிறது. சோற்றுக் கற்றாழை அறபு நாட்டுப் பக்கத்தைச் சேர்ந்தது. ஆனைக்கற்றாழை அமெரிக்காவிலிருந்து வந்தது. உருவம் ஒத்திருந்தாலும் இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள்.

முதலில் இலையின் ஓரத்தைப் பாருங்கள். சோற்றுக் கற்றாழையின் பற்கள் சிறியவை, வெளிறியவை. விரலால் மெல்லத் தடவினால் உறுத்துமே தவிரக் குத்தாது. ஆனைக்கற்றாழையின் ஓர முட்கள் கொக்கிபோல் வளைந்து கடினமாயிருக்கும். இலை நுனியில் கருமையான ஊசிமுள் ஒன்றும் நிற்கும். குருத்தில் இறுகிக் கிடந்தபோது ஓர் இலையின் முட்கள் அடுத்த இலையில் பதித்த தழும்பு, விரிந்த பின்னும் அழியாமல் தெரியும்.

ஆனால் ஓரத்தை மட்டும் நம்பக் கூடாது. பூந்தோட்டங்களில் அழகுக்காக வைக்கும் ஆனைக்கற்றாழை இனமொன்றுக்கு முள்ளே கிடையாது. வாசலில் அப்படியொரு செடி நிற்கிறதென்று வைத்துக்கொள்வோம். கையுறை அணிந்து அடியிலுள்ள முதிர்ந்த இலையொன்றை வெட்டிச் சாய்வாக நிறுத்துங்கள். சோற்றுக் கற்றாழையானால் தோலின் கீழிருந்து மஞ்சள் நிறக் கசப்புச் சாறு ஊறி வடியும். நடுவில் கண்ணாடிபோன்ற சோறு இருக்கும். (அந்த மஞ்சள் சாற்றைக் காய்ச்சி உலர்த்தியதுதான் நாட்டு மருந்துக் கடையின் மூசாம்பரம்.) ஆனைக்கற்றாழையில் இந்த மஞ்சள் சாறு வராது. முள்ளுள்ள இனங்களின் இலையைக் கிழித்தால் வெண்ணிற நார்கள் இழுபடும். முள்ளில்லாததில் நார் குறைவு, ஆகவே மஞ்சள் சாற்றையே தேடுங்கள். ஆனைக்கற்றாழைச் சாற்றில் ஊசி வடிவான கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகள் உண்டு. அவை தோலில் குத்தி எரிவும் கொப்புளமும் உண்டாக்கும். எனவே சுவைத்துப் பார்த்து அறியும் வேலை வேண்டாம். 2017இல் சீனாவில் ஒரு பெண், கற்றாழையென்று எண்ணி ஆனைக்கற்றாழை இலையைக் கடித்துத் தின்று, வாயும் தொண்டையும் எரிந்து வைத்தியசாலைக்குப் போனதாகச் செய்திகள் வந்தன.

பூத்திருந்தால் வெட்டவே தேவையில்லை. சோற்றுக் கற்றாழையின் பூந்தண்டு இலைக் கக்கத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மீற்றர்வரை எழும். மஞ்சள் குழாய்ப் பூக்கள் கீழ்நோக்கித் தொங்கும். செடி மறு ஆண்டும் பூக்கும். ஆனைக்கற்றாழையில் குருத்தே தண்டாகிவிடும். பெரிய இனத்தில் அது வீட்டுக் கூரையையும் மிஞ்சி உயரும். பூக்களில் மகரந்தக் கேசரங்கள் வெளியே நீண்டு நிற்கும். முள்ளில்லாத இனத்தின் தண்டோ நரிவால்போல் வளைந்து தொங்கும். எதுவானாலும் பூத்த செடி அத்துடன் பட்டுப்போகும். அடியில் முளைத்த கன்றுகளே மிஞ்சும்.

அந்தக் கன்றுகளைத்தான் அயல்வீட்டார் 'கற்றாழைக் கன்று' என்று கொடுப்பார்கள். பூவில்லாத இளங்கன்றை வாங்கினால், ஓர் இலை முதிரும்வரை முகத்தில் பூசாமல் வளர்த்து, பிறகு வெட்டிப் பாருங்கள்.