‘மொத்தத்தில்’ என்ற சொல்லை அடித்துவிடு

அன்பு மருமகளுக்கு,

பள்ளி ஆண்டு மலருக்காக ‘பூ’ படத்துக்கு நீ எழுதிய விமர்சனம் வந்து சேர்ந்தது. சிவகாசிப் பிள்ளை சிவகாசிப் பக்கத்துக் கதையைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. ஆனால் அதிலுள்ள வரிகளைப் பார்: ‘பார்வதி மாரியாகவே வாழ்ந்திருக்கிறார். ஒளிப்பதிவு கண்களுக்கு விருந்து. இரண்டாம் பாதி கொஞ்சம் இழுவை. மொத்தத்தில், பூ: வாசம்.’ படத்தின் பெயரையும் நடிகையின் பெயரையும் மாற்றிவிட்டால் இந்த வரிகள் வேறு எந்தப் படத்துக்கும் பொருந்தும். படம் பார்க்காதவர்கூட இதை எழுதிவிடலாம். குறை அங்கேதான் இருக்கிறது.

விமர்சனம் என்பது ஒரு தீர்ப்பு. சான்று எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் தீர்ப்பும் இருக்க வேண்டும். ஆனந்த விகடன் ஒரு காலத்தில் படங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டது. ‘16 வயதினிலே’ படத்துக்கு அது கொடுத்த 62½ இன்றும் பேசப்படுகிறது. ஆனால் அந்த அரை மதிப்பெண் எங்கிருந்து வந்தது என்பதை எண் சொல்லாது, எழுத்துதான் சொல்ல வேண்டும். உன் ‘வாசம்’ என்ற சொல்லும் அப்படித்தான், காரணம் இல்லாத மதிப்பெண்.

முதலில் ஒரே ஒரு கருத்தைத் தேர்ந்துகொள். இருநூறு சொல்லில் நடிப்பு, இசை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று எல்லாவற்றையும் தொட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம்தான் கிடைக்கும். ஒரு வாக்கியத்தில் பாராட்டலாம், திட்டலாம், நிறுவ முடியாது. படம் முடிந்த பிறகும் உன் மனத்தில் நின்றது எது என்று கேட்டுக்கொள். ‘மாரியின் காதல் வேறு மாதிரி இருந்தது’ என்று போனில் சொன்னாயே, அது கருத்து. விமர்சனத்தில் அதை ஏன் விட்டுவிட்டாய்?

அடுத்து, அந்தக் கருத்துக்குப் படத்திலேயே சான்று தேடு. வேறு மாதிரி என்றால் எப்படி? படத்தின் தொடக்கத்திலேயே மாரி வேறொருவரைக் கட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறாள். சிறு வயதிலிருந்தே ஆசைப்பட்ட தங்கராசுவைப் பார்க்கலாம் என்ற எண்ணத்தோடு ஊருக்குக் கிளம்புகிறாள். பழைய கதை அதற்குப் பிறகுதான் நினைவுகளாக வருகிறது. வழக்கமான காதல் படத்தில் ‘இருவரும் சேருவார்களா’ என்ற கேள்வி கடைசிவரை நம்மை இழுத்துப் போகும். இயக்குநர் சசி அந்தக் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிட்டு வேறொரு கேள்வியை வைக்கிறார்: அவன் கிடைக்காத பிறகும் இவள் அவனிடம் எதை எதிர்பார்க்கிறாள்? இப்போது உன் கருத்துக்கு அடியில் ஒரு தூண் நிற்கிறது. ‘திரைக்கதை அருமை’ என்று தனியாக எழுத வேண்டிய தேவையே இல்லை.

இந்தச் சான்று படத்தின் முதல் பகுதியிலிருந்து வந்திருப்பதையும் கவனி. ஊருக்குப் போன மாரி என்ன பார்க்கிறாள், ஏன் கலங்குகிறாள் என்பது இனிப் பார்க்கப் போகிறவர்களுக்கு உரியது. முடிவைத் தொடாமல் சான்று கிடைக்காது என்றால், ‘கடைசிக் காட்சி இந்தக் கேள்விக்குப் பதில் தருகிறது’ என்று சொல்லி நிறுத்திக்கொள்.

இனிக் குறைக்கு வருவோம். ‘பட்டாசு ஆலையில் நடக்கும் விபத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாதது பெரிய குறை’ என்று எழுதியிருக்கிறாய். நம் ஊர்க்காரிக்கு அந்தக் கோபம் வருவது இயல்பு. ஆனால் சொல்ல வராத ஒன்றைச் சொல்லவில்லை என்று ஒரு படைப்பைக் குற்றம் சாட்ட முடியாது. சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர்களையே பொருளாகக் கொண்டது. அதில் ஆலை சரியாகப் பதிவாகாமல் போயிருந்தால் அது பெருங்குறை. ‘பூ’ ஒரு பெண்ணின் மனத்தைச் சொல்லும் கதை. அதில் ஆலை அவள் வேலை பார்க்கும் இடம்.

அதற்காக ஆலையைப் பற்றிப் பேசவே கூடாது என்பதில்லை. காட்டிய அளவுக்கு உண்மையாகக் காட்டியிருக்கிறதா என்று கேட்க உனக்கு முழு உரிமை உண்டு. சென்னை விமர்சகரைவிட உன் கண்ணுக்கு அங்கே மதிப்பும் அதிகம். ஆலைக் காட்சிகளை மறுபடி ஓட்டிப் பார். மருந்து கையாளும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. படத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்? கையில் வெள்ளி மருந்து ஒட்டியிருக்கிறதா? கூலிக் கணக்கு எங்காவது பேசப்படுகிறதா? எண்ணிப் பார்த்துவிட்டு எழுது. ‘ஆலைக் காட்சிகள் செயற்கை’ என்று பொதுவாகச் சொன்னால் யாரும் மறுத்துவிடலாம். எண்ணி எழுதியதை மறுக்க வேண்டுமானால் அவரும் எண்ணித்தான் ஆக வேண்டும்.

விமர்சனத்தில் சமநிலை வேண்டும் என்றதும் ஒரு பாராட்டுக்கு ஒரு குறை என்று தராசு பிடிக்காதே. குறை கண்ணில் படவில்லை என்றால் இட்டுக்கட்ட வேண்டாம். சொல்லின் அளவில்தான் சமநிலை இருக்கிறது. ‘யாருமே’, ‘எந்தப் படத்திலும்’, ‘இதுவரை’ என்று எழுதினால் எல்லாப் படமும் பார்த்திருக்க வேண்டும். ‘இழுவை’ என்பதற்குப் பதிலாக எந்தக் காட்சி, எதனால் நீள்கிறது என்று சொல். மறுபக்கம், ‘ஓரளவு நன்றாக இருப்பதுபோல் தோன்றலாம்’ என்று பயந்து பயந்தும் எழுதாதே. தெரிந்ததை நேராகச் சொல், உன் ரசனையை உன் ரசனை என்றே சொல்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘ச. தமிழ்ச்செல்வனின் “வெயிலோடு போய்” சிறுகதையைத் தழுவி சசி இயக்கிய “பூ” 2008இல் வந்தது. பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் மாரிக்குச் சிறு வயதிலிருந்தே தங்கராசு மேல் ஆசை. அவளுக்கு வேறொருவருடன் மணமாகிவிட்டதைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுவதால், சேருவார்களா என்ற பரபரப்புக்குப் படத்தில் இடமில்லை. அவள் அன்பு எத்தகையது என்பதே கேள்வி. பார்வதி அந்த அன்பைப் புலம்பலாக்காமல் வெகுளித்தனமாக வைத்திருப்பதால் நாம் அவளை நம்புகிறோம். சிறுகதையைப் பெரிய படமாக்கும்போது சேர்ந்த பாடல்களில் சில இந்தக் கேள்வியிலிருந்து நம்மை விலக்குவதாக எனக்குப் பட்டது. ஆலையும் பெரும்பாலும் பின்னணியாகவே நின்றுவிடுகிறது. அதன் அன்றாடத்தை அறிந்தவர்கள் இன்னும் கொஞ்சம் எதிர்பார்ப்பார்கள். பிரிவைப் பாடிய படங்கள் உண்டு. பிரிந்த பின்னும் எஞ்சும் அக்கறையைப் பார்க்க விரும்புகிறவர்கள் இதைப் பார்க்கலாம்.’

இதை அப்படியே எழுதிக் கொடுத்துவிடாதே. நீ குறிப்பிட்ட ஒரு பாடலைக் குறை சொல்லலாம், எந்தப் பாடலையும் சொல்லாமலும் போகலாம். முதல் வரிகளில் யார், எப்போது, எதைத் தழுவி என்ற தகவல், நடுவில் கருத்தும் சான்றும் சேர்ந்து வருவது, கடைசியில் ‘மொத்தத்தில்’ என்ற முத்திரைக்குப் பதிலாக யார் பார்க்கலாம் என்ற வழிகாட்டல், இந்த அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்.

எழுதி முடித்ததும், படத்தைப் பார்த்தவரும் வெடி ஆபீஸில் வேலை பார்த்தவருமான ஒரு அக்காவைப் பிடித்து உட்காரவைத்து வாசித்துக் காட்டு. அவர் ‘அப்படியா இருந்துச்சு?’ என்று எங்கே இடைமறிக்கிறாரோ, அங்கே ஒரு காட்சியைச் சேர், அல்லது அந்த வரியை எடுத்துவிடு.

இப்படிக்கு,
உன் மாமா